சலவை இயந்திர டிரம் பேரிங் தேய்மானம்

சலவை இயந்திர டிரம் பேரிங் தேய்மானம் என்பது, துணி துவைக்கும் இயந்திரத்தின் சுழலும் உள்தொட்டியைத் தாங்கி நிற்கும் குண்டுத் தாங்கிகள் பழுதடைவதைக் குறிக்கும். துவைத்த துணியிலிருந்து நீரைப் பிரிக்க டிரம் வேகமாகச் சுழலும்போது எழும் உரத்த உறுமல் ஒலி இதன் முதன்மையான அறிகுறியாகும். தாங்கி என்பது தமிழ்ச் சொல்லாயினும், பட்டறைகளிலும் கடைகளிலும் பேரிங் என்னும் சொல்லே வழக்கில் உள்ளதால் இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகிறது.

இப்பழுது பெரும்பாலும் பேரிங்கில் தொடங்குவதில்லை. பேரிங்குக்கு முன்னால் அமைந்துள்ள ரப்பர் நீரடைப்பு வளையம், அதாவது சீல், முதலில் கெடுகிறது. அதன் வழியே புகும் சோப்பு நீர் பேரிங்கை அழிக்கிறது. சீலில் கசிவு தொடங்குவதற்கும் உறுமல் காதில் விழுவதற்கும் இடையே பல மாதங்கள் கழியக்கூடும். ஆகவே ஒலி கேட்கும் வேளையில் பழுது முற்றியிருக்கும். கசிவின் தடயங்களோ அதற்கு முன்பே இயந்திரத்தின் பின்புறத்தில் தோன்றியிருக்கும்.

இக்கட்டுரை முன்புறம் கதவு கொண்ட இயந்திரங்களையே முதன்மையாகக் கருதுகிறது. மேற்புறம் மூடி கொண்டவற்றில் அச்சு செங்குத்தாக இருப்பதால் உறுப்புகளின் அமைப்பு வேறுபடும். எனினும் சீல் கெட்டு நீர் இறங்கிப் பேரிங் துருப்பிடிக்கும் முறை அவற்றிலும் இதுவே.

அமைப்பு

முன்கதவு இயந்திரத்தினுள் இரண்டு தொட்டிகள் ஒன்றினுள் ஒன்றாக அமைந்துள்ளன. வெளித்தொட்டி நீரைத் தேக்கி வைப்பது. இது பெரும்பாலும் நெகிழியால் ஆனது, சுழலாதது. மேலே சுருள்வில்களில் தொங்கி, கீழே அதிர்வணைப்பான்களின் மீது ஊன்றியிருக்கும். அதனுள் துணியைக் கொள்ளும், துளைகளிட்ட எவர்சில்வர் டிரம் சுழல்கிறது. டிரம்மின் முதுகுப்புறத்தில் மூன்று கைகள் கொண்ட அலுமினிய வார்ப்புச் சட்டம் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. சிலந்தியின் கால்களைப் போல் விரிந்திருப்பதால் இதற்கு ஸ்பைடர் என்று பெயர். ஸ்பைடரின் நடுவிலிருந்து புறப்படும் எஃகுத் தண்டு வெளித்தொட்டியின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, அங்கே கப்பியோடு இணைகிறது. மோட்டாரிலிருந்து வரும் பெல்ட் அக்கப்பியைச் சுழற்றுகிறது. பெல்ட் இல்லாத நேரடி இயக்க இயந்திரங்களில் கப்பியின் இடத்தில் மோட்டாரின் சுழலும் பகுதியே பொருத்தப்பட்டிருக்கும்.

தண்டு பின்சுவரைத் துளைத்து வரும் இடத்தில் இரண்டு பேரிங்குகள் உள்ளன. டிரம்முக்கு அருகில் இருப்பது உட்பேரிங். கப்பிக்கு அருகில் இருப்பது வெளிப்பேரிங். உட்பேரிங்குக்கும் நீருக்கும் இடையே சீல் அமைந்துள்ளது. சீலின் மெல்லிய ரப்பர் உதடு, தண்டின் அடிப்பகுதியில் உள்ள வழவழப்பான பித்தளை அல்லது எஃகு உறையின் மீது எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் சோப்பு நீர், மறுபக்கம் கிரீஸ். இரண்டையும் பிரிப்பது அந்த உதடு மட்டுமே.

பல இயந்திரங்களில் உட்பேரிங் 6206, வெளிப்பேரிங் 6205 என்னும் எண்ணுடையவையாக உள்ளன. சிறிய இயந்திரங்களில் 6204, 6203 ஆகியனவும், பெரியனவற்றில் 6306, 6305 ஆகியனவும் காணப்படுகின்றன. இவை உலகளாவிய தர எண்கள். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் பேரிங்கின் உள்துளை விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும்: 06 எனில் 30, 05 எனில் 25. இவ்விதி 04 முதல் மேலுள்ள எண்களுக்கே பொருந்தும். 03 எனில் துளை 17 மில்லிமீட்டர். எந்தத் தயாரிப்பாளரின் பேரிங்காயினும் எண் ஒன்றாயின் அளவும் ஒன்றே. சீலுக்கு இத்தகைய பொது எண் இல்லாததால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகியவற்றை அளந்தோ இயந்திரத்தின் மாதிரி எண்ணைக் கூறியோ வாங்க வேண்டியுள்ளது.

பேரிங்கின் மீது விழும் சுமை

டிரம் ஒரு பக்கத்தில் மட்டுமே தாங்கப்பட்டுள்ளது. முன்புறம் துணி போடும் வாயாக இருப்பதால் அங்கே தாங்கி எதுவும் வைக்க இயலாது. சுவரில் அடித்த ஆணியின் நுனியில் பையைத் தொங்கவிட்டது போல, முழுச்சுமையும் பின்னாலுள்ள இரண்டு பேரிங்குகளின் மீதே விழுகிறது. இந்த அமைப்பின் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம்.

24 சென்டிமீட்டர் ஆரமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1,200 சுற்றுகள் சுழல்வதாகவும், துணி சமமாகப் பரவாமல் ஒரு பக்கத்தில் 300 கிராம் மிகுந்திருப்பதாகவும் கொள்ளலாம். நிமிடத்துக்கு 1,200 என்பது நொடிக்கு 20 சுற்றுகள். இவ்வேகத்தில் டிரம்மின் சுவரில் உள்ள முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 385 மடங்கு ஆகும். எனவே அந்த 300 கிராம் ஈரத்துணி ஏறக்குறைய 115 கிலோகிராம் எடையின் விசையோடு தண்டை இழுக்கிறது. அதுவும் நொடிக்கு 20 முறை திசையைச் சுற்றி மாற்றிக்கொண்டே. துணியின் சுமை உட்பேரிங்குக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் அமைவதாகவும், இரு பேரிங்குகளும் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதாகவும் கொண்டால், நெம்புகோல் விதிப்படி உட்பேரிங்கின் மீதான விசை 26-ஐ 6-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. 115 கிலோகிராம் 500 கிலோகிராமாகிறது. வெளிப்பேரிங் எதிர்த்திசையில் ஏறத்தாழ 385 கிலோகிராம் தாங்குகிறது.

உட்பேரிங் எப்போதும் பெரியதாக இருப்பதன் காரணம் இதுவே. நல்ல நிலையிலுள்ள பேரிங் இச்சுமையைப் பல ஆண்டுகள் தாங்க வல்லது. இயந்திரங்களும் சமநிலையின்மை மிகும்போது வேகத்தைக் கூட்டாமல், துணியை மறுபடியும் பரப்பிப் பார்க்கும். வேகம் பாதியானால் விசை கால் பங்காகக் குறைகிறது என்பதால் இந்தத் தற்காப்பு பயனுடையது. ஆகவே சுமை மட்டுமே பேரிங்கைக் கொல்வதில்லை. உயவுப்பொருள் இல்லாத நிலையில் வரும் சுமையே அதைக் கொல்கிறது.

சீல் கெடும் விதம்

சீலின் உதடு ஒவ்வொரு சுற்றிலும் உறையின் மீது தேய்கிறது. உதட்டின் உட்பக்கத்தில் இடப்பட்ட கிரீஸ் இருக்கும்வரை தேய்மானம் மிகக் குறைவே. ஆண்டுகள் செல்லச்செல்ல வெந்நீரும் சலவைத்தூளும் அக்கிரீசைக் கரைத்துவிடுகின்றன. ரப்பர் இறுகித் தன் நெகிழ்வை இழக்கிறது. கடினநீர் உள்ள இடங்களில் உப்புப் படிவு உதட்டின் ஓரத்தில் சேர்ந்து, அரம் போல் உறையை அராவுகிறது. நாளடைவில் உறையில் வளையமாக ஒரு பள்ளம் விழுகிறது. அதன் பின் உதடு இறுக்கமாகப் பதிவதில்லை.

கசிவு தொடங்கினாலும் நீர் கொட்டுவதில்லை. முன்கதவு இயந்திரத்தில் துவைக்கும் நீரின் மட்டம் பொதுவாகத் தண்டின் உயரத்துக்குக் கீழேயே இருக்கும். சுழற்சியில் தெறிக்கும் நீரும் நுரையுமே சீலைச் சென்றடைகின்றன. எனவே ஒரு சலவைக்கு ஓரிரு துளிகளே உட்புகும். அவையும் வெளியே வழியுமுன் உலர்ந்துவிடலாம். தரையில் ஈரம் காணாத வீட்டார் எதையும் ஐயுறுவதில்லை.

பேரிங்கின் இருபுறமும் மெல்லிய ரப்பர் மூடிகள் இருப்பதால் அதுவே நீரைத் தடுத்துவிடும் என்று எண்ணுவோர் உளர். அம்மூடிகள் தூசியைத் தடுக்கவும் கிரீசை உள்ளே நிறுத்தவும் ஆனவை. சூடான சோப்பு நீரை நெடுநாள் எதிர்க்க வல்லவை அல்ல. கொழுப்பைக் கரைப்பதே சலவைத்தூளின் தொழில். அது சட்டைக் காலரின் எண்ணெய்க்கும் பேரிங்கின் கிரீசுக்கும் வேறுபாடு காண்பதில்லை. கிரீஸ் பால்நிறக் கூழாகி வெளியேறிய பின், பளபளப்பாக இருந்த குண்டுகளும் அவை ஓடும் தடங்களும் துருப்பிடிக்கின்றன. இயந்திரம் நின்றிருக்கும் வேளையில் ஒவ்வொரு குண்டும் தடத்தைத் தொடும் இடத்தில் துருப்புள்ளி உண்டாகிறது. அடுத்த முறை சுழலும்போது அப்புள்ளி உதிர்ந்து குழியாகிறது. உதிர்ந்த துகள் மற்ற குழிகளைத் தோண்டுகிறது.

உறுமல் எழும் காரணம்

குழி விழுந்த தடத்தின் மீது ஒவ்வொரு குண்டும் கடக்கும்போது ஒரு சிறு மோதல் உண்டாகிறது. 6206 பேரிங்கில் பொதுவாக 9 குண்டுகள் உள்ளன. அவை தண்டின் வேகத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவான வேகத்திலேயே சுற்றி வருவதால், வெளி வளையத்தில் உள்ள ஒரு குழியைத் தண்டின் ஒரு சுற்றுக்குச் சராசரியாக மூன்றரைக் குண்டுகள் கடக்கின்றன. நொடிக்கு 20 சுற்றுகள் எனில் ஏறத்தாழ 71 மோதல்கள். உள் வளையத்தில் குழி இருப்பின் இது 109 ஆகும். இவை இரண்டும் மனிதக் காதின் கேள்வி எல்லையில் அடிப்பகுதியைச் சேர்ந்த, கனத்த ஒலிகள். பல குழிகளின் மோதல்கள் கலந்து ஒலிக்கும்போது அது தொலைவில் செல்லும் சரக்கு வண்டியையோ வானூர்தியின் இரைச்சலையோ ஒத்திருக்கிறது.

மோதல் சிறியதாயினும் ஒலி பெரிதாகக் கேட்பதற்கு வெளித்தொட்டியே காரணம். பேரிங் அதன் பின்சுவரின் நடுவில் அழுத்தமாகப் பொருந்தியிருப்பதால், அகன்ற அச்சுவர் முழுதும் மத்தளத்தின் தோலைப் போல் அதிர்கிறது. துவைக்கும்போது டிரம் நிமிடத்துக்கு 50 சுற்றுகளே சுழல்வதால் மோதல்கள் நொடிக்கு மூன்று அளவில்தான் நிகழும்; அவை வலுவற்றவையும் ஆகும். நீரின் ஒலியில் அவை மறைந்துவிடுகின்றன. எனவேதான் துவைக்கும்போது அமைதியாக இருந்த இயந்திரம் பிழியும்போது மட்டும் உறுமுகிறது. நோய் முற்றினால் துவைக்கும்போதும் கரகரப்பு கேட்கும்.

பிற ஒலிகளிலிருந்து வேறுபடுத்துதல்

சுழற்சியின்போது எழும் எல்லா ஒலியும் பேரிங்கின் ஒலி அன்று. பேரிங் ஒலியின் தனித்தன்மை, அது வேகத்தோடு இடைவிடாமல் உயர்ந்து, வேகம் குறையும்போது அதே ஒழுங்கில் இறங்குவதாகும். டிரம் வெறுமையாக இருந்தாலும் அது மாறுவதில்லை. ஆகவே முதல் சோதனை, துணி எதுவும் இடாமல் பிழிசுழற்சியை மட்டும் இயக்கிப் பார்ப்பதாகும். வெறுந்தொட்டியில் ஒலி நின்றுவிட்டால் துணி ஒருபுறம் குவிந்ததே காரணமாகலாம். அல்லது அதிர்வணைப்பான்கள் தளர்ந்திருக்கலாம். இவற்றில் உறுமலுக்கு மாறாக, சுற்றுக்கு ஒருமுறை தடதடவென்று இடிக்கும் ஒலியும் இயந்திரம் இடம்பெயரும் ஆட்டமும் காணப்படும். புதிதாக வந்த இயந்திரம் முதல் நாளிலேயே பேரொலியுடன் ஆடினால், பின்புறத்தில் உள்ள போக்குவரத்துத் திருகாணிகள் கழற்றப்படவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

சட்டைப்பையிலிருந்து விழுந்த நாணயமோ உள்ளாடையின் கம்பியோ இரு தொட்டிகளுக்கும் இடையில் சிக்கினால் உலோகம் கீறும் ஒலி கேட்கும். அது விட்டுவிட்டு வரும். பெல்ட் தளர்ந்தால் வேகம் கூடும் நேரத்தில் கீச்சொலி எழும். நீரேற்றியின் இரைச்சல் நீர் வெளியேறும்போது மட்டும் கேட்கும், டிரம் நின்றிருந்தாலும் தொடரும். பேரிங்கோடு எளிதில் குழம்பக்கூடியது மோட்டாரின் சொந்தப் பேரிங் ஒன்றே. அதுவும் வேகத்தோடு உயரும். ஆயினும் மோட்டார் டிரம்மைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் ஒலி உறுமலாக இராமல் ஊளையாக இருக்கும். பெல்ட்டைக் கழற்றி இரண்டையும் தனித்தனியே கையால் சுழற்றினால் ஐயம் நீங்கும்.

சீல் கெட்டதன் தடயங்கள்

இயந்திரத்தின் மின்செருகியைப் பிடுங்கிய பின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் வெளித்தொட்டியின் முதுகும் கப்பியும் தெரியும். நல்ல நிலையில் அப்பகுதி தூசி படிந்து உலர்ந்திருக்கும். சீல் கெட்டிருப்பின் தண்டின் மையத்திலிருந்து கீழ்நோக்கிப் பழுப்பு நிறக் கோடு ஒன்று வழிந்திருக்கும். துருவும் கிரீசும் சோப்பு நீரும் கலந்த கறை இது. கப்பி சுழலும்போது இக்கலவை சிதறுவதால், கப்பியின் உட்பக்கத்திலும் அதற்கு நேரான தொட்டிச் சுவரிலும் கரும்புள்ளிகள் வட்டமாகத் தெறித்திருப்பதும் உண்டு.

சில தயாரிப்பாளர்கள் சீலுக்கும் உட்பேரிங்குக்கும் இடையிலிருந்து வெளியே திறக்கும் சிறு வடிதுளை ஒன்றை அமைக்கின்றனர். சீலைத் தாண்டிய நீர் பேரிங்கைச் சேராமல் இத்துளை வழியே வெளியேற வேண்டும் என்பது நோக்கம். அத்துளையிலிருந்து நீர் சொட்டினால் அதை அடைத்துவிடுவது தவறு. அடைத்தால் நீர் முழுதும் பேரிங்குக்கே செல்லும். துளையின் வாயில் வெண்ணிற உப்புப் படிவு இருந்தால் அது பழைய கசிவு என்று கொள்ளலாம்.

துணியிலும் தடயம் கிடைக்கிறது. பேரிங்கிலிருந்து கரைந்த கிரீஸ் சில வேளைகளில் திரும்பத் தொட்டிக்குள் வந்து வெளிர்நிறத் துணிகளில் கருஞ்சாம்பல் நிறப் பிசுக்கைப் பதிக்கிறது. கதவு ரப்பரில் வளரும் பூஞ்சையும் கரும்புள்ளிகளை இடும் என்பதால், பிசுபிசுப்பு உண்டா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பது நல்லது. பூஞ்சைக் கறையில் பிசுக்கு இராது.

ஓர் எடுத்துக்காட்டு

பெல்ட்டால் இயங்கும், 7 கிலோகிராம் கொள்ளளவுள்ள, 1,200 சுற்று வேகமுடைய இயந்திரம் ஒன்று பிழியும்போது அடுத்த அறைவரை கேட்கும்படி உறுமுவதாகக் கொள்ளலாம். வெறுந்தொட்டியிலும் ஒலி மாறவில்லை. வேகத்தை 400 சுற்றுகளாகக் குறைத்தால் ஒலி தாழ்ந்து, தனித்தனி மோதல்களாகக் காதில் விழுகிறது. பின்தகட்டைக் கழற்றியதும் பழுப்புக் கோடு தெரிகிறது. பெல்ட்டைக் கழற்றிய பின் மோட்டார் ஓசையின்றிச் சுழல்கிறது. டிரம்மைச் சுழற்றும்போது மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு கைக்கே தெரிகிறது. இத்துடன் பேரிங் பழுது உறுதியாகிறது. அது எவ்வளவு முற்றியுள்ளது என்பதை அடுத்த சோதனை காட்டும்.

கதவைத் திறந்து டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளித்தொட்டி சுருள்வில்லில் தொங்குவதால் அதுவும் சேர்ந்து அசையும், அது இயல்பே. வெளித்தொட்டி நிற்க, டிரம் மட்டும் தனியே அசைகிறதா என்பதே கேள்வி. ஒரு கையால் வெளித்தொட்டியின் விளிம்பை அழுத்திக்கொண்டு பார்த்தால் இது விளங்கும்.

இந்த இயந்திரத்தில் டிரம்மின் விளிம்பு 3.5 மில்லிமீட்டர் தனியே அசைவதாகவும், விளிம்பு வெளிப்பேரிங்கிலிருந்து 42 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதாகவும் கொள்ளலாம். வெளிப்பேரிங்கை ஊன்றுபுள்ளியாகக் கொண்டால் உட்பேரிங் அதிலிருந்து 6 சென்டிமீட்டரில் உள்ளது. விகிதம் ஏழுக்கு ஒன்று. ஆகவே உட்பேரிங்கினுள் உள்ள தளர்வு அரை மில்லிமீட்டர். புதிய 6206 பேரிங்கில் குண்டுக்கும் தடத்துக்கும் இடையிலான தளர்வு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் மட்டுமே. அதாவது தளர்வு 25 மடங்காகியுள்ளது. புதிய நிலையில் விளிம்பின் அசைவு ஒரு மில்லிமீட்டரின் ஏழில் ஒரு பங்காகவே இருந்திருக்கும். கைக்கு அது தெரியாது. எனவே கைக்குத் தெளிவாகத் தெரியும் தனியசைவு எதுவாயினும் அது தேய்மானமே.

இத்தகைய இயந்திரத்தைப் பிரித்தால் பெரும்பாலும் காணப்படும் காட்சி ஒன்றே: உட்பேரிங் செந்துருவாய் நொறுங்கிக் குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடும் உடைந்திருக்கும், வெளிப்பேரிங்கிலோ கிரீஸ் எஞ்சியிருக்கும், கையால் சுழற்றினால் ஏறக்குறைய மென்மையாகச் சுழலும். நீர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பேரிங்கின் வயதே காரணமாயின் இரண்டும் ஒத்த அளவில் தேய்ந்திருக்க வேண்டும்.

மாற்றும் முறை

பேரிங்கை மாற்றுவதற்கு இயந்திரத்தை ஏறக்குறைய முழுதும் பிரிக்க வேண்டும். மின்னிணைப்பும் நீரிணைப்பும் துண்டிக்கப்பட்ட பின் மேல்தகடு, முன்தகடு, கதவு ரப்பர், தொட்டியின் மீதுள்ள கற்காரை எடைகள் ஆகியன அகற்றப்படுகின்றன. கற்காரை எடைகளை முதலில் எடுக்காமல் தொட்டியைத் தூக்க முற்படுவது முதுகுக்குக் கேடு. பின்னர் கம்பிகளும் குழாய்களும் கழற்றப்பட்டு, தொட்டி வெளியே எடுக்கப்படுகிறது. எந்தக் கம்பி எங்கே இருந்தது என்பதைப் படம் எடுத்து வைப்பது தொழிலாளரிடையே வழக்கம்.

வெளித்தொட்டியின் இரு பாதிகளையும் இணைக்கும் திருகாணிகளைக் கழற்றி, கப்பியை நீக்கிய பின் தண்டைப் பின்னிருந்து தட்டி டிரம்மை வெளியே தள்ள வேண்டும். துருவினால் தண்டு பேரிங்கோடு இறுகியிருக்கும். தண்டின் முனையைச் சுத்தியலால் நேரே அடித்தால் அது காளான் போல் விரிந்து, அதன் பின் பேரிங்கின் துளை வழியே வராது. கப்பியின் திருகாணியைப் பாதி திரும்ப மாட்டி, அதன் மேல் மரக்கட்டையை வைத்து அடிப்பதே முறை.

டிரம் பிரிந்ததும் சீலை நெம்பி எடுத்து, உட்பேரிங்கைப் பின்புறமிருந்தும் வெளிப்பேரிங்கை முன்புறமிருந்தும் தட்டி வெளியேற்றுவர். புதியவற்றைப் பொருத்துவதில்தான் வேலையின் நுட்பம் உள்ளது. பேரிங்கின் வெளி வளையத்தின் மீது மட்டுமே அழுத்தம் கொடுத்து அதை உட்செலுத்த வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகளின் வழியே கடந்து, தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்குகிறது. அத்தகைய பேரிங் பொருத்திய முதல் நாளிலேயே மெல்ல உறுமத் தொடங்கும். பேரிங் தரமற்றது என்ற பழி கடைக்காரர் மேல் விழும். பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே தட்டும் கருவியாகப் பயன்படுத்துவது எளிய வழி. புதிய பேரிங்கைச் சில மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் அது சற்றுச் சுருங்கி எளிதில் உட்செல்லும்.

இதற்குப் பின் சீல் பொருத்தப்படுகிறது. உதட்டின் உட்புறத்தை நீரில் கரையாத கிரீசால் நிரப்ப வேண்டும். இந்த ஒரு கரண்டி கிரீஸ்தான் புதிய பேரிங்கின் வாழ்நாளைப் பெரிதும் முடிவு செய்கிறது. விலை மிச்சம் என்று பேரிங்கை மட்டும் மாற்றிப் பழைய சீலையே திரும்ப வைப்பது வீண் வேலையாகும். பழுதுக்குக் காரணமானதை வைத்துக்கொண்டு பழுதடைந்ததை மாற்றுவதால் சில மாதங்களில் உறுமல் திரும்பிவிடும்.

புதிய சீலும் போதாத நிலை ஒன்று உண்டு. தண்டின் உறையைத் துடைத்துவிட்டு நகத்தை அதன் மீது நீளவாக்கில் ஓட்டினால், சீல் உரசிய இடத்தில் நகம் தடுக்கக்கூடும். அங்கே பள்ளம் விழுந்துள்ளது என்பது பொருள். அப்பள்ளத்தின் மீது எந்தச் சீலும் நீர் புகாதபடி பதியாது. உறை தனியே கிடைத்தால் அதையும், இல்லையேல் தண்டோடு கூடிய ஸ்பைடரையும் மாற்ற வேண்டும். அவ்வேளையில் ஸ்பைடரின் கைகளையும் நோக்குவது தகும். அலுமினியம் சலவைத்தூளின் காரத்தன்மையால் அரிக்கப்பட்டு, சாம்பல் நிறப் பொடியாக உதிர்ந்து, மெலிந்திருப்பதுண்டு. மெலிந்த கை வேகச் சுழற்சியில் உடைந்தால் டிரம் வெளித்தொட்டியைக் கிழித்துவிடும்.

தொடர்ந்து பயன்படுத்தினால்

உறுமும் இயந்திரம் சில வாரங்களோ மாதங்களோ துணி துவைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆயினும் இடைப்பட்ட காலத்தில் பழுது பேரிங்கிலிருந்து வெளியே பரவுகிறது. தளர்ந்த பேரிங்கில் தண்டு சாய்ந்து சுழல்வதால், பேரிங்கின் உள் வளையம் தண்டின் மீதே வழுக்கி அதை அராவத் தொடங்குகிறது. பேரிங்கோடும் சீலோடும் முடிந்திருக்க வேண்டிய செலவு இதனால் ஸ்பைடருக்கும், அது டிரம்மோடு பிரிக்க இயலாதபடி இணைந்திருந்தால் டிரம்முக்கும் நீளுகிறது. டிரம்மின் விளிம்பு கதவு ரப்பரை உரசிக் கிழிப்பதும், அடியிலுள்ள சூடேற்றியைத் தொடுவதும் அடுத்த நிலை. வழியும் நீர் மோட்டாரின் மீதோ மின்னிணைப்புகளின் மீதோ சொட்டுமாயின் மின்னதிர்ச்சி நேரும் வாய்ப்பும் உண்டு. தரைக்கம்பி இணைப்பு முறையாக இல்லாத வீடுகளில் இது பெரிய இடர். மாற்றும்வரை பயன்படுத்தியே ஆக வேண்டுமெனில், குறைந்த துணியுடன் 400 அல்லது 600 சுற்று வேகத்தில் பிழிவது சேதத்தை மெதுவாக்கும், நிறுத்தாது.

பேரிங்குக்குள் எண்ணெய் தெளிப்பது பலரும் செய்து பார்க்கும் ஒன்று. ஒலி ஓரிரு நாள் தணியக்கூடும். குழிகள் எண்ணெயால் நிரம்பிவிடுவதில்லை. மாறாக எஞ்சியிருந்த கிரீசும் கரைந்து வெளியேறுகிறது.

பிரிக்க இயலாத தொட்டிகள்

மேற்கண்ட முறை வெளித்தொட்டியின் இரு பாதிகளும் திருகாணிகளால் இணைக்கப்பட்ட இயந்திரங்களுக்கே பொருந்தும். பல புதிய இயந்திரங்களில் அவை வெப்பத்தால் ஒட்டி ஒரே தொட்டியாக்கப்படுகின்றன. உற்பத்திச் செலவு குறைவதும் மூட்டில் கசிவு நேராததும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். விளைவு என்னவெனில், பேரிங்கும் சீலும் மட்டும் பழுதானாலும் தொட்டி முழுவதையும் வாங்க நேர்கிறது. அதன் விலை இயந்திரத்தின் விலையில் பெரும் பங்காக இருப்பதால் பலர் இயந்திரத்தையே கழித்துவிடுகின்றனர். சில பழுதுபார்ப்போர் ஒட்டிய கோட்டில் தொட்டியை இரம்பத்தால் அறுத்து, பேரிங்கை மாற்றிய பின் சிலிக்கோன் பசையும் திருகாணிகளும் கொண்டு மீண்டும் இணைக்கின்றனர். கவனமாகச் செய்தால் இது நிலைக்கிறது. ஆனால் கோணல் வெட்டு ஒன்றே தொட்டியை ஒழுகச் செய்யப் போதுமானது.

ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவை இயந்திரங்களுக்கென வகுத்த 2019/2023 எண்ணுள்ள ஒழுங்குவிதி 2021 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி டிரம், ஸ்பைடர், அவற்றுக்குரிய பேரிங்குகள் ஆகிய உதிரிகள், ஒரு மாதிரியின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பின் குறைந்தது 10 ஆண்டுகளுக்குத் தொழில்முறைப் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்க வேண்டும். எனினும் இவற்றைத் தனித்தனியாகவோ ஒரே தொகுப்பாகவோ விற்கலாம் என்று அவ்விதி அனுமதிக்கிறது. ஆகவே 6206 பேரிங் ஒன்று மட்டும் தேவைப்படும் இடத்தில் டிரம்மோடு சேர்ந்த தொகுப்பையே வாங்க வேண்டிய நிலை அங்கும் நீங்கவில்லை.